துவைத்த பின் ஜீன்ஸ் கால் திரும்பிக்கொள்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

புதிதாகப் போட்டபோது பக்கத் தையல் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நேராக இறங்கியது. இரண்டு முறை துவைத்த பிறகு பார்த்தால், முழங்காலுக்குக் கீழே அது மெல்ல முன்பக்கம் வளைந்து வந்து, ஷூவின் லேஸ் மேல் உட்காருகிறது. உடனே வாஷிங் மெஷின் மேல் பழி போடுவார்கள். இல்லாவிட்டால் தைத்தவர் மேல். பெரும்பாலும் இரண்டு பேரும் நிரபராதிகள். துணிக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு சாய்வைத்தான் தண்ணீர் வெளியே கொண்டுவருகிறது. ஆனால் எல்லா முறுக்கமும் துணியால் வருவதில்லை. அதனால் முதலில் அளந்து பார்ப்போம்.

முதலில் அளவு

ஜீன்ஸை முன்பக்கம் மேலே இருக்கும்படி மேசையிலோ தரையிலோ விரியுங்கள். இடுப்புப் பட்டையில் இரண்டு பக்கத் தையல்களும் சரியாக ஓரத்தில் இருக்க வேண்டும். கவட்டையைத் தட்டையாக்குங்கள். அப்புறம் கால்களை இழுக்காமல், அவை எப்படி விழ விரும்புகின்றனவோ அப்படியே விடுங்கள். கையால் நீவி நேராக்கத் தோன்றும். அதைச் செய்தால் அளக்க ஒன்றும் மிஞ்சாது.

இப்போது கால் விளிம்பில், மடிப்பு ஓரத்திலிருந்து பக்கத் தையல் எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று இரண்டு காலிலும் அளந்துகொள்ளுங்கள். முன்பக்கம் வந்திருந்தால் கூட்டல், பின்பக்கம் போயிருந்தால் கழித்தல் என்று குறியுங்கள். முழங்கால் உயரத்திலும் இதே மாதிரி ஒரு அளவு எடுங்கள்.

சில ஜீன்ஸ்களில் பக்கத் தையலைக் கொஞ்சம் முன்னே தள்ளியே வரைந்திருப்பார்கள். அது குறையல்ல, வடிவமைப்பு. இதையும் முறுக்கத்தையும் பிரிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வடிவமைப்பால் வந்த தள்ளல் இரண்டு காலிலும் ஒரே குறியோடு இருக்கும். துணியால் வந்த முறுக்கம் ஒரு காலில் கூட்டலாகவும் மறு காலில் கழித்தலாகவும் வரும். இடது கால் +5 செ.மீ., வலது கால் −3 செ.மீ. என்று வந்தால், இரண்டின் சராசரி +1, அது வடிவமைப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி 4, அதுதான் முறுக்கம்.

அறிகுறி 1: ஒரு காலில் தையல் முன்னே, மறு காலில் பின்னே

இதுதான் மிகவும் சாதாரணமாக வருவது. மேலிருந்து பார்த்தால் இரண்டு கால்களும் ஒரே திசையில் திருகியிருக்கும். அதாவது, ஒரு காலில் வெளிப்பக்கத் தையல் முன்னே வரும்போது, மறு காலில் உள்தையல்தான் முன்னே வரும். தைத்தவரின் கைப்பிழை இடம் வலம் பார்த்து இப்படி வருவது அபூர்வம். துணியின் குணம்தான் இப்படி வரும், ஏனென்றால் இரண்டு காலும் ஒரே துணி.

அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, தொடைப் பகுதியில் துணியை உற்றுப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் நீல நூல் பாவு. குறுக்கே ஓடும் வெள்ளை நூல் ஊடை. அது உள்பக்கம்தான் அதிகம் தெரியும். வழக்கமான டெனிமில் ஒவ்வொரு பாவும் மூன்று ஊடைகளின் மேல் ஏறிப் போய், நான்காவதின் கீழ் முங்கும். அதற்கு அடுத்த பாவு, ஒரே ஒரு ஊடை தள்ளி முங்கும். அதற்கடுத்தது இன்னும் ஒன்று தள்ளி. இந்த முங்கும் இடங்கள் படிக்கட்டுபோல ஏறிப் போவதுதான் நாம் பார்க்கும் சாய்கோடு, அதாவது ட்வில் கோடு. கோடு இடது கீழிலிருந்து வலது மேலே ஏறினால் வலக்கை ட்வில். வலது கீழிலிருந்து இடது மேலே ஏறினால் இடக்கை ட்வில்.

சாதாரண நெசவில் ஒரு நூல் மேலே போனால் பக்கத்து நூல் கீழே போகும். ஒன்றின் இழுப்பை மற்றது அடக்கிவிடும். ட்வில்லில் அப்படி இல்லை. எல்லாப் படிகளும் ஒரே பக்கம் ஏறுவதால், ஒவ்வொரு பின்னலிலும் உள்ள சிறு பக்கவாட்டு இழுப்பு ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிறது. தறியில் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்வரை இது தெரியாது. துணி நனைந்து, பருத்தி ஊதி, விறைப்பு விட்டதும் நூல்கள் தங்களுக்கு வசதியான இடத்துக்கு நகர்கின்றன. ஆணி தளர்ந்த கட்டில் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகுமே, அதுபோல. வலக்கை ட்வில்லில் வலது மேல் மூலையை நோக்கிய மூலைவிட்டம் நீளும், மற்றது குறுகும். துணி ட்வில் கோட்டின் பக்கமே சாய்கிறது. மில்காரர்கள் இதை ஸ்க்யூ என்பார்கள்.

இதுவரை சொன்னது விரித்த துணிக்கு. விரித்த துணி சாயும்போது பாவு நேராக நிற்க, ஊடைதான் சரிந்து நிற்பதுபோலத் தெரியும். காலாகத் தைத்துவிட்டால் கதை மாறுகிறது. முன்துண்டும் பின்துண்டும் இரு பக்கமும் தைக்கப்பட்டு ஒரு குழாயாகிவிட்டன. ஊடைகள் இப்போது காலைச் சுற்றி மூடிய வளையங்கள். வளையம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போக முடியாது. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். ஊடை சாய வழியில்லை என்றால் பாவுதான் சாய வேண்டும். பாவு சாய்ந்தால், அதோடு சேர்ந்து ஓடும் தையலும் திருகு சுருளாக இறங்கும். நம் கண்ணுக்குக் கால் திரும்பியதாகத் தெரிவது இதுதான்.

வலக்கை ட்வில் ஜீன்ஸை எதிரே நின்று பார்த்தால், கால் விளிம்பு உங்கள் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். போட்டிருப்பவரின் இடது காலில் பக்கத் தையல் முன்னே வரும். வலது காலில் அது பின்னே ஒளிந்துகொண்டு உள்தையல் எட்டிப் பார்க்கும். இடக்கை ட்வில்லில் இது அப்படியே மாறிவிடும். இடக்கை ட்வில் முறுக்காது என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் முறுக்கும், எதிர்ப்பக்கமாக.

இது துணியின் ஸ்க்யூதானா என்று உறுதிசெய்ய முழங்கால் அளவைப் பாருங்கள். சாய்வு நீளம் முழுக்க ஒரே சீராக இருப்பதால், முறுக்கம் கீழே போகப்போகக் கூடிக்கொண்டே வரும். விளிம்பில் 4 செ.மீ. என்றால் முழங்காலில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். துணி 5 சதவீதம் சாய்ந்தால், 76 செ.மீ. உள்தையல் நீளத்தில் அது 3.8 செ.மீ. ஆகிறது. அதே துணியில் 20 செ.மீ. உள்தையல் உள்ள அரைக்கால்சட்டை தைத்தால் வெறும் 1 செ.மீ.; யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இந்த நகர்வின் பெரும்பகுதி முதல் மூன்று துவைப்புகளுக்குள் நடந்து முடிந்துவிடும். துணி தன் ஓய்வு நிலையை அடைந்ததும் நின்றுவிடும். வெந்நீரும் சூடான ட்ரையரும் அதைச் சீக்கிரம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் துவைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், கொஞ்சம் தாமதமாகும்.

அறிகுறி 2: நேர்செய்து வெட்டிய துணி, அப்படியும் முறுக்கிக்கொண்டது

வீட்டில் தைப்பவர்கள் கவனமாக இருந்தே மாட்டிக்கொள்ளும் இடம் இது. நானும் மாட்டிக்கொண்டேன்.

145 செ.மீ. அகலமுள்ள வலக்கை ட்வில் டெனிம் ஒன்று வாங்கினேன். வெட்டுமுன் வழக்கம்போல வெட்டு ஓரத்தில் ஊடை நூல்களை உருவினேன், ஒரு நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை முழுசாக வரும்வரை. அந்த நூலைப் பார்த்தால் நேராக இல்லை. வலது கரை, இடது கரையைவிட 8 செ.மீ. மேலே நின்றது. 145-க்கு 8 என்றால் 5.5 சதவீதம். துணியில் குறை என்றே நினைத்தேன். பருத்திச் சட்டைத் துணியில் இப்படி இருந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன்: ஈரம் தெளித்து, குட்டையான மூலைவிட்டத்தை இரண்டு பேர் பிடித்து இழுத்து, ஊடை நேராக வந்ததும் நீராவி அயர்ன் போட்டேன். பாவும் ஊடையும் அச்சாகச் செங்கோணத்தில் நின்றன. திருப்தியாக வெட்டித் தைத்தேன். மூன்று துவைப்பில் இடது காலின் பக்கத் தையல் 4 செ.மீ. முன்னே வந்து நின்றது.

என்ன நடந்தது என்றால், அந்த 8 செ.மீ. சாய்வு குறையே அல்ல. மில்லில் வேண்டுமென்றே போட்டது. துணி துவைத்தால் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று பார்த்து, இறுதிச் செப்பனிடும்போதே சாய்ந்த உருளைகளின் வழியே ஓட்டி, ஒரு கரையை மற்றதைவிட முன்னே தள்ளி, அதே சாய்வை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் சான்ஃபரைசிங் எனப்படும் முன்சுருக்கம் செய்கிறார்கள். 1970-களில் இந்த முன்சாய்வு முறை பரவியது. துணி ஏற்கெனவே தன் ஓய்வு நிலையில் நிற்பதால், துவைத்தாலும் அது போக வேண்டிய தூரம் ஒன்றுமில்லை. நான் அதை இழுத்து நேராக்கி, அந்தத் தூரம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 76 செ.மீ. காலுக்கு 5.5 சதவீதம் என்றால் 4.2 செ.மீ. வர வேண்டும், வந்தது 4.

எனவே டெனிமைப் பொறுத்தவரை, புதுத் துணியில் ஊடை அச்சாக நேராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். முறுக்கம் என்பது வெட்டும்போது துணி எங்கே நின்றது, ஓய்வில் எங்கே நிற்க விரும்புகிறது என்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி. ஊடை கண்ணுக்கு நேராகத் தெரிகிறதா என்பதற்கு அதில் பங்கே இல்லை.

மிச்சத் துணியில் இதைச் சோதித்தும் பார்த்தேன். இழுத்து நேராக்கிய துண்டு ஒன்றில், பாவு ஓரத்துக்கு இணையாக 25 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை அழியாத பேனாவால் வரைந்தேன். மூலைவிட்டங்கள் இரண்டும் 35.4 செ.மீ. மூன்று முறை துவைத்துக் காய்ந்தபின், ட்வில் கோட்டின் பக்கம் போகும் மூலைவிட்டம் 35.2, மற்றது 33.4. ஏஏடிசிசி 179 என்ற சோதனை முறையில் இதற்கான கணக்கு இருக்கிறது. AC நீண்ட மூலைவிட்டம், BD குட்டையானது:

```
X = 100 × 2(AC − BD) / (AC + BD)
X = 100 × 2(35.2 − 33.4) / (35.2 + 33.4) = 5.2
```

துணி சுருங்கினாலும் இந்தக் கணக்கு அதிகம் ஏமாறாது, இரண்டு மூலைவிட்டங்களும் சேர்ந்தே சுருங்குவதால். 5.2 சதவீதம் என்பது ஊடை நூலில் நான் முதலில் பார்த்த 5.5-க்குப் பக்கத்திலேயே வந்தது. மில்லுக்கு இது முன்னரே தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

அதே துணியில் இரண்டாவது ஜோடி தைத்தபோது எதையும் இழுக்கவில்லை. ஊடையைப் பொருட்படுத்தாமல், வடிவத்தாளின் நேர்கோட்டைக் கரைக்கும் பாவுக்கும் மட்டும் இணையாக வைத்து வெட்டினேன். துவைத்த பின் முறுக்கம் அரை சென்டிமீட்டருக்குள் நின்றது.

முன்சாய்வு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத துணி கையில் வந்தால், வெட்டுமுன் மூன்று முறை துவைத்துக் காயவிடுங்கள். கரையோடு கரை பொருந்தும்படி மடித்து அழுத்தாதீர்கள். தானாக விழும் கோணத்திலேயே விரித்து, பாவைப் பார்த்து வெட்டுங்கள். வெட்டும் வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கம் சாயும் என்று எண்ணுபவர்கள் உண்டு. ட்வில் கோடு 180 பாகை திருப்பினாலும் அதே பக்கம்தான் ஏறும். தாளில் ஒரு சாய்கோடு போட்டுத் திருப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அறிகுறி 3: இரண்டு காலும் ஒரே திசையில்தான், ஆனால் ட்வில்லுக்கு எதிராக

வலக்கை ட்வில் ஜீன்ஸில் வலது கால் பக்கத் தையல் முன்னே வந்திருக்கிறது என்று வையுங்கள். இது மருந்து அதிகமான கேஸ். துணி 4 சதவீதம் போக வேண்டிய இடத்தில் மில்லில் 7 சதவீதம் சாய்வு கொடுத்துவிட்டார்கள். துவைத்ததும் அது 3 சதவீதம் திரும்பி வருகிறது. துணிச்சுருளின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இந்தச் சாய்வு மாறவும் கூடும், அதனால் ஒரே மாதிரி இரண்டு ஜீன்ஸ் வாங்கி ஒன்று நேராகவும் ஒன்று கோணலாகவும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வீட்டில் இதற்குத் தனி வைத்தியம் கிடையாது. கீழே சொல்லும் ஈர இழுப்புதான்.

ட்வில் எந்தக் கை என்று பார்க்கும்போது துணியின் வெளிமுகத்தைத்தான் பார்க்க வேண்டும். விளிம்பு மடிப்பை விரித்து உள்பக்கம் பார்த்தால் கோடு கண்ணாடியில் தெரிவதுபோல எதிராகத் தெரியும். கோடே ஒரு பக்கமாக ஓடாமல், இரண்டு பாவுக்கு ஒருமுறை திசை மாறி முறிந்து முறிந்து தெரிந்தால் அது புரோக்கன் ட்வில். ஒரு பக்க இழுப்பை மறு பக்க இழுப்பு அடக்குவதற்காகவே வந்த நெசவு. ராங்லர் நிறுவனம் 1964-இல் தன் ஜீன்ஸுக்கு எடுத்துக்கொண்டது. அந்தத் துணியும் முறுக்கினால், காரணத்தை நெசவில் தேடாதீர்கள். அடுத்த இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள்.

அறிகுறி 4: ஒரு கால் மட்டும்

ஒரு கால் நேராக நிற்க, மற்றது 3 செ.மீ. திரும்பியிருந்தால், வெட்டியதில்தான் கோளாறு. பல அடுக்குத் துணியை ஒரே நேரத்தில் வெட்டும்போது ஓர் அடுக்கு நகர்ந்திருக்கலாம். இடம் மிச்சப்படுத்த வடிவத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கலாம். அடையாளம் பாவிலேயே இருக்கிறது. முன்துண்டின் நடுவில், முழங்காலிலிருந்து ஒரு பாவு நூலை விரல் நகத்தால் தொடர்ந்து கீழே வாருங்கள். விளிம்பு வரும்போது அது உள்தையலுக்கும் வெளித்தையலுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். ஒரு பக்கத் தையலை நோக்கி நெருங்கிக்கொண்டே போனால் துண்டு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. அறிகுறி 1-இல் அப்படி நடக்காது. அங்கே பாவும் தையலும் சேர்ந்தே திரும்பும், அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் மாறாது.

சாய்வாக வெட்டிய துண்டு துவைக்காமலேயே கூடக் கொஞ்சம் திரும்பித் தொங்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போதே கண்டுபிடிக்கலாம். வாங்கியாயிற்று என்றால், சரிசெய்ய வழியில்லை.

அறிகுறி 5: இரண்டு காலிலும் தையல் முன்னே, தையலோரம் சுருக்கம்

கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு காலும் எதிரெதிராகத் திரும்பினால், அது வடிவமைப்பு அல்லது தையல். தையலை ஒட்டிச் சாய்வான சிற்றலைகள் ஓடினால் தையலேதான்: மெஷினின் பல் கீழ்த்துணியை வேகமாக இழுக்க, மேல்துணி பின்தங்கி, விளிம்பில் மிஞ்சியதை வெட்டிவிட்டிருப்பார்கள். இந்த முறுக்கம் கீழே போகப்போகச் சீராகக் கூடாது. ஓரிடத்தில் திடீரென்று தொடங்கும். முழங்கால் அளவு இங்கேதான் கைகொடுக்கும்.

முறுக்கிய ஜீன்ஸை என்ன செய்வது

துவைத்துப் பிழிந்த ஈரத்தோடு, ஒருவர் இடுப்பைப் பிடிக்க, மற்றவர் கால் விளிம்பைப் பிடித்து, முறுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே திருப்பி நீளவாக்கில் இழுங்கள். அப்படியே தட்டையாக விரித்து, தையல் ஓரத்துக்கு வந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் காயப்போடுங்கள். 4 செ.மீ. இருந்தது 1 அல்லது 2 ஆகும். அடுத்த துவைப்பில் மீண்டும் வரும், ஏனென்றால் நீங்கள் துணியை அதன் ஓய்வு நிலையிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே இழுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் செய்ய மனமிருந்தால் செய்யலாம்.

தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கலாமா என்றால், உள், வெளி இரண்டு தையல்களையும் கவட்டைக்குக் கீழிருந்து பிரித்து, முன்துண்டைப் பின்துண்டின் மேல் இரு தையலிலும் கொஞ்சம் நகர்த்தித் தைத்து, விளிம்பைப் புதிதாக வெட்ட வேண்டும். இரட்டைத் தையல் மடிப்பு பிரித்த தடம் வெளுத்துத் தெரியும். 4 செ.மீ.க்காக அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். விளிம்புச் சுற்றளவு 40 செ.மீ. உள்ள காலில் 10 செ.மீ. முறுக்கம் வந்தால், அதாவது தையல் நான்கில் ஒரு பங்கு சுற்று திரும்பிச் சரியாக முன் நடுவில் வந்து நின்றால், அப்போது யோசிக்கலாம். அதற்கு முன்னால் முழங்காலுக்கு மேலே வெட்டி அரைக்கால்சட்டை ஆக்குவதையும் யோசியுங்கள். முறுக்கம் கூடும் நீளமே அதில் இருக்காது.